வீட்டு ஓனரிடம் வார்த்தை தடித்த பிறகு: மன்னிப்பு மெசேஜை எப்படி எழுதுவது

ஓனரோடு சண்டை போட்டுவிட்டு மாடியேறி வந்து கதவைச் சாத்திய அடுத்த அரை மணி நேரத்தில் கை தானாக போனைத் தேடும். ஒன்று, விட்டுப்போன வாதத்தை வாட்ஸ்அப்பில் முடிக்கத் தோன்றும். இல்லையென்றால், அட்வான்ஸ் அவர் கையில் இருப்பது நினைவுக்கு வந்து பதறிப்போய் "ஸாரி சார்" என்று ஒரு வரி அனுப்பத் தோன்றும். இரண்டுமே அன்றைக்கு ராத்திரி வேண்டாம். சூடு ஆறாமல் எழுதும் மன்னிப்பில் பாதி வாதம் ஒட்டிக்கொண்டிருக்கும். பயத்தில் எழுதுவதில் எதற்கு மன்னிப்பு என்பதே இருக்காது. மறுநாள் காலை, ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்குள் அனுப்புவது சரியாக வரும். அதற்கு மேல் இரண்டு மூன்று நாள் தள்ளினால், "திமிரைப் பாரு" என்று கீழ்வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பிடிபடாது என்பதால் ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். சென்னைப் புறநகரில் இரண்டு மாடி வீடு. தரைத்தளத்தில் ஓனரும் அவர் மனைவியும், சார் ரிட்டையர்டு. முதல் மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு, இரண்டாவது மாடியில் இன்னொன்று. வாடகை 16,000 ரூபாய். பாத்ரூம் சுவரில் ஈரம் ஏறுவதாக முதல் மாடிக்காரர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாக்கலாம், ஆள் வரச் சொல்றேன்" என்பதே பதிலாக இருந்தது. ஒரு நாள் அவரே பிளம்பரைக் கூப்பிட்டார். சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு. அதை மாற்ற 2,400. அப்படியே ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் மாற்றியதற்கு 800. மொத்தம் 3,200. அந்த மாத வாடகையில் அதைக் கழித்துக்கொண்டு 12,800 ஜிபே பண்ணி, "பிளம்பர் செலவு போக" என்று எழுதி அனுப்பினார். சாயங்காலம் மாடிப்படியில் ஓனர் நிறுத்திக் கேட்டார். பேச்சு வளர்ந்தது. "வாடகை வாங்க மட்டும் தெரியுது, பைப்பு மாத்தத் தெரியலையா?" என்று இவர் கத்த, "இஷ்டம்னா இரு, இல்லன்னா காலி பண்ணு" என்று அவர் சொல்ல, "அடுத்த மாசமே காலி பண்றேன், அட்வான்ஸை எடுத்து வைங்க" என்று இவர் முடித்தார். ஓனர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடியில் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், பைப் விஷயத்தில் வாடகைக்காரர் பக்கம்தான். வாடகைச் சட்டமும் அவர் பக்கம்தான் பேசுகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கும்போதுதான் மன்னிப்பு எழுதுவது கஷ்டம். "பைப்பு ரிப்பேர் அவர் பொறுப்பு" என்பதும், "அவர் மனைவி எதிரில் நான் கத்தியது தப்பு" என்பதும் தனித்தனி. இவற்றைப் பிரித்து வைக்கத் தெரியாதவர்கள்தான், மன்னிப்புக் கேட்டால் பணத்தையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று பயந்து, கடைசியில் ஒன்றையும் உருப்படியாகக் கேட்பதில்லை.

முதல் வேலை எழுதுவது அல்ல. ஓனருக்கு எது உறுத்துகிறது என்று கண்டுபிடிப்பது. மேலே சொன்ன கேஸில், 3,200 ரூபாய்தான் பிரச்சினை என்று வாடகைக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார். ஓனர் சண்டையில் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தால் வேறு தெரியும். "என்னைக் கேக்காம எப்படி டைல்ஸை உடைச்ச?" என்று அவர் மூன்று தரம் கேட்டிருப்பார். சுவருக்குள் இருக்கும் பைப்பை மாற்ற வேண்டுமென்றால் டைல்ஸை உடைத்துத்தான் ஆக வேண்டும். பிளம்பர் இரண்டு டைல்ஸை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கையில் கிடைத்த வேறு டைல்ஸை ஒட்டி, சுற்றிலும் வெள்ளை சிமென்ட் பூசிவிட்டுப் போயிருப்பார். வாடகைக்காரர் கண்ணுக்கு அது ரிப்பேர். கட்டும்போது கடை கடையாக ஏறி டைல்ஸ் தேர்ந்தெடுத்தவர் கண்ணுக்கு அது ஒட்டுப்போட்ட வேட்டி. பழைய டிசைன் இப்போது கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் வேறு லாட் என்றால் நிறம் ஒரு பிசிறு மாறும். அந்த இரண்டு டைல்ஸ் இனி அந்தச் சுவரில் எப்போதும் தனியாகத் தெரியும்.

அதனால் சண்டையில் ஓனர் திரும்பத் திரும்பச் சொன்னது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது உதவும். ஒருவர் திரும்பச் சொல்வதுதான் வலிக்கிற இடம். இந்தக் கேஸில் அது நான்காக வரும். மனைவி எதிரில், மேல்வீட்டுக்காரர் காதில் விழும்படி சொன்ன அந்த ஒரு வாக்கியம். கேட்காமல் டைல்ஸ் உடைத்தது. கேட்காமல் வாடகையில் பிடித்தது. கடைசியாக, "காலி பண்றேன்" என்று சொன்னது. இந்த நான்காவதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். ஆனால் ஓனர் மறக்க மாட்டார். அதை அவர் வாய்வழி நோட்டீஸாகவே எடுத்துக்கொண்டு புரோக்கருக்குப் போன் போட்டிருக்கலாம். கேட்டில் டு-லெட் போர்டு தொங்க இரண்டு நாள் போதும். அதிலும் ஆனி முடியும் நேரமாக இருந்தால் சங்கடம் கூடும். ஆடி பிறந்துவிட்டால் நம்மாட்கள் பலர் வீடு மாற மாட்டார்கள் என்பதால், வரவேண்டிய ஆள் அதற்குள் வரட்டும் என்று ஓனர் அவசரப்படுவார்.

மெசேஜ் அனுப்புவதற்கு முன்னால் பணம் போக வேண்டும். பிடித்த 3,200 ரூபாயையும் முழுதாக அனுப்பிவிட வேண்டும், குறிப்பில் "ஜூலை வாடகை மீதி" என்று மட்டும் எழுதி. இதைச் சொன்னால் பலருக்குப் பொறுக்காது. "அவர் கட்ட வேண்டிய பைப்புக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்பார்கள். கொடுத்துவிட்டு விட்டுவிடச் சொல்லவில்லை. 2,400 ரூபாயை அப்புறம் தனியாகக் கேட்கத்தான் போகிறோம். ஆனால் வாடகை முழுதாக வராத மாதத்தில் வரும் மன்னிப்பு, ஓனர் காதில் பேரமாகத்தான் விழும். பணம் வந்து சேர்ந்த பிறகு வரும் மன்னிப்பில் பேரம் பேச ஒன்றும் மிச்சமில்லை. அந்த மாதம் கையில் உண்மையிலேயே பணம் இல்லை என்றால், குறைந்தபட்சம் குழாய்க்கான 800 ரூபாயை அனுப்பிவிட்டு, மீதியைத் தரும் தேதியை மெசேஜில் எழுத வேண்டும். "சீக்கிரம் தரேன்" என்பது தேதி ஆகாது.

இப்போது மெசேஜ். முதலில் சரியாக வராத ஒன்று. நல்லெண்ணத்தோடு எழுதியதுதான், இப்படித்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள்:

"சார், நேத்து நடந்ததுக்கு ரொம்ப ஸாரி. நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. ஆனா நீங்களும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ரெண்டு வருஷமா ஒரு நாள் கூட வாடகை லேட் பண்ணதில்ல. பைப்பு ஓனர் பொறுப்புன்னு சட்டத்துலயே இருக்கு. இருந்தாலும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சு, பில்லை அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"நடந்ததுக்கு ஸாரி" என்றால் என்ன நடந்தது, யார் நடத்தியது என்று இல்லை. மழை பெய்ததற்குக் கூட அப்படிச் சொல்லலாம். அடுத்து "பேசியிருந்தா". பேசினீர்களா இல்லையா என்று படிக்கிறவருக்குத் தெரியும், மேல்வீட்டுக்காரருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் சந்தேகம் என்பதுபோல ஆகிவிடுகிறது. "மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்பதும் அதே ரகம். கஷ்டப்பட்டது அவருடைய குறை என்று ஓனர் எடுத்துக்கொள்வார். "ஆனா" வந்த உடனே அதற்கு முன் எழுதியதெல்லாம் போய்விட்டது. வாடகை ஒழுங்காகக் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது கடமையைச் செய்ததற்குக் கூலி கேட்பது. சட்டத்தை இழுத்தது அடுத்த சண்டைக்கான ஆரம்பம். கடைசி வரியில் பில் வந்ததும், இதற்குத்தானா இவ்வளவும் என்று போனைக் கீழே வைத்துவிடுவார்.

அதே ஆள், அதே சண்டை, வேறு மாதிரி:

"வணக்கம் சார். நேத்து சாயங்காலம் மாடிப்படியில உங்ககிட்ட குரலை உசத்திப் பேசினேன். 'வாடகை வாங்க மட்டும் தெரியுது'ன்னு ஆன்ட்டி முன்னாடி, மேல்வீட்ல கேக்கற மாதிரி சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க சார்.

டைல்ஸ் உடைக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டிருக்கணும், கேக்கல. வாடகையில பிடிச்சதும் உங்ககிட்ட சொல்லாம செஞ்சதுதான். பிடிச்ச 3,200ஐ இன்னைக்குக் காலைல அனுப்பிட்டேன்.

காலி பண்றேன்னு கோபத்துல சொல்லிட்டேன். அப்படி எண்ணம் எங்களுக்கு இல்ல.

இனிமே ரிப்பேர் எதுன்னாலும் உங்ககிட்ட சொல்லி, நீங்க சரின்னதுக்கு அப்புறம்தான் ஆளைக் கூப்பிடுவேன். பிளம்பர் பில்லைப் பத்தி உங்களுக்குத் தோதான ஒரு நாள் உட்கார்ந்து பேசிக்கலாம். சாயங்காலம் வந்து ஆன்ட்டிகிட்டயும் நேர்ல சொல்றேன்."

சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்ப எழுதுவது எழுதுகிறவருக்குக் கூசும். ஆனால் மெசேஜில் அதிக வேலை செய்வது அதுதான். என்ன சொன்னோம் என்று தனக்கே தெரிந்திருக்கிறது, மழுப்பவில்லை என்று ஓனருக்கு அங்கேதான் படும். ஒரு விதிவிலக்கு உண்டு: வாயில் வந்தது கெட்ட வார்த்தை என்றால் அதை எழுத்தில் மறுபடி போட வேண்டாம், "சொல்லக் கூடாத வார்த்தை சொன்னேன்" என்பது போதும். "ஆன்ட்டி முன்னாடி" என்பதும் தேவை. தனியாகத் திட்டியதற்கும் வீட்டுப் பெண்கள் எதிரில் திட்டியதற்கும் நம் ஊரில் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல்வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவருக்குத் தனியாக மெசேஜ் எதுவும் வேண்டாம். படியில் பார்க்கும்போது, "அன்னைக்கு நான் சார்கிட்ட அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்று ஒரு வாக்கியம் சொல்லி வைத்தால் போதும். அது எப்படியும் ஓனர் காதுக்குப் போய்விடும்.

"இனிமே கோபப்பட மாட்டேன்" என்று எழுதாமல், "சொல்லிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவேன்" என்று எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். கோபப்படவில்லை என்பதை எப்படிச் சரிபார்ப்பது? ஆளைக் கூப்பிடும் முன் போன் வந்ததா இல்லையா என்பது ஓனருக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு வாக்கு போதும். மூன்று நான்கு கொடுத்தால் ஒன்றாவது அடுத்த மாதமே உடையும்.

பில்லைப் பற்றி ஒரு வரி விட்டிருப்பதும் யோசித்துத்தான். அதைச் சொல்லாமலே விட்டால், பணத்தைத் திருப்பி அனுப்பியதை "அவரே ஒத்துக்கிட்டாரு" என்று ஓனர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. தொகையையும் பொறுப்பையும் எழுதினால் மறுபடி சண்டை. "உட்கார்ந்து பேசிக்கலாம்" என்றால், கேள்வி இன்னும் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இல்லை என்று பொருள். வாட்ஸ்அப் மெசேஜ் எழுத்துமூலமான சாட்சி என்பதும் நினைவிருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும், அதற்கு முன்பிருந்த சாட்சியச் சட்டத்தைப் போலவே, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. அதனால் செய்ததை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். "எல்லாத் தப்பும் என்னோடதுதான்", "என்ன செலவானாலும் நான் கட்டிடறேன்" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதினால், நாளை அட்வான்ஸில் டைல்ஸுக்கென்று ஒரு தொகையைப் பிடிக்கும்போது அதுவே எடுத்துக் காட்டப்படும்.

சில சின்ன விஷயங்கள். ஓனர் வழக்கமாகத் தமிழில் டைப் பண்ணுகிறவர் என்றால் தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு தங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தால் பாதியில் சலித்துவிடுவார். இத்தனை நாள் "அங்கிள்" என்று கூப்பிட்டவர் திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்தால் வக்கீல் நோட்டீஸ் வாடை அடிக்கும். கைகூப்பும் எமோஜி ஒன்று போதும், போடாவிட்டாலும் குறையில்லை. வாய்ஸ் நோட் வேண்டாம்: ஹாலில் எல்லோர் எதிரிலும் சத்தமாக ஓடும், குரலில் இருக்கும் படபடப்பு மிச்சக் கோபம்போலக் கேட்கும், அதோடு திருத்தவும் முடியாது. சண்டை அன்று ராத்திரி ஏதாவது சூடாக அனுப்பியிருந்தால் இப்போது டெலீட் செய்யக் கூடாது. அவர் ஏற்கெனவே படித்திருப்பார். அழித்த அடையாளத்தைப் பார்த்தால் எதையோ மறைக்கிறான் என்றுதான் நினைப்பார். அந்த மெசேஜையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஸ்டேட்டஸில் தத்துவம் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் ஒரு பத்து நாள் விரதம் இருக்கட்டும். ஓனர்கள் ஸ்டேட்டஸ் பார்ப்பார்கள். அவர்களைவிட ஆன்ட்டிகள் அதிகம் பார்ப்பார்கள்.

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு மெசேஜோடு நின்றுவிடக் கூடாது. காலையில் அனுப்பினால் அன்று சாயங்காலமே, விளக்கு வைப்பதற்கு முன்னால், ஐந்தரை மணி வாக்கில் ஒரு நடை போய்விட வேண்டும். கணவன் மனைவி இருவரும் போகலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது கேடயம் பிடித்த மாதிரி இருக்கும். ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். பண்டிகைக்கும் நல்ல செய்திக்கும் கொடுப்பதை இதற்குக் கொடுத்தால் வாங்குகிறவருக்கே கை கூசும். வாசலில் நின்று, "காலைல மெசேஜ் பண்ணியிருந்தேன் சார். ஆன்ட்டி, உங்க முன்னாடி அப்படிப் பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க" என்று சொல்வதற்கு அரை நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகு அவர் பேசுவார். அநேகமாகப் பழைய கதையெல்லாம் வரும்: வீடு கட்டக் கடன் வாங்கியது, முன்னால் இருந்தவன் சுவரில் ஆணி அடித்தது, டைல்ஸ் வாங்கப் போன கதை. குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். "ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருந்தேனே" என்று நாக்கு நுனி வரை வரும். அதற்கு இடம் பில் பேசும் நாள்.

அந்த நேரத்தில் கேட்கத் தகுந்த ஒரு கேள்வி உண்டு: "அந்த டைல்ஸ்ல மீதி ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?" வீடு கட்டிய பலர் நாலைந்து டைல்ஸை மொட்டை மாடி அறையிலோ பரண்மேலோ போட்டு வைத்திருப்பார்கள். இருந்தால், கொத்தனாரை வைத்து அந்த இரண்டு டைல்ஸை மாற்றித் தரும் கூலியை ஏற்றுக்கொள்வது, பத்து மன்னிப்பு மெசேஜுக்குச் சமம். உடைத்தது பைப்புக்காகத்தான் என்றாலும், கேட்டுவிட்டு உடைத்திருந்தால் அந்த மீதி டைல்ஸே அன்றைக்குச் சுவரில் ஏறியிருக்கும்.

பதில் எப்படியும் வரலாம். "பரவால்ல, விடுங்க" என்று வந்தால் "நன்றி சார்" என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எழுதுவது ஆறுகிற புண்ணைச் சொறிவதுதான். வெறும் தம்ஸ்-அப் வந்தாலும் அப்படியே. நீல டிக் விழுந்து பதில் இல்லை என்றால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்: படித்துவிட்டார், இன்னும் ஆறவில்லை. இரண்டாவது மெசேஜ் அனுப்பாமல், படியில் பார்க்கும்போது வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திட்டி வாய்ஸ் நோட் வந்தால் முழுதாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னதைக் கேட்டேன் சார்" என்று ஒரு வரி. அதில் அவர் சொன்ன ஏதாவது தப்பு என்றாலும் அன்றைக்குத் திருத்த வேண்டாம்.

கொஞ்சம் கடினமானது, "மன்னிப்பெல்லாம் சரி, மூணு மாசத்துல காலி பண்ணிடுங்க" என்ற பதில். அங்கே கெஞ்சவும் வேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம். "சரி சார், நீங்க சொல்றது புரியுது. ஒரு வாரம் கழிச்சு நேர்ல பேசறேன்" என்று எழுதிவிட்டு அக்ரிமென்டை எடுத்துப் பார்க்க வேண்டும்: பதினோரு மாதத்தில் எத்தனை மாதம் மிச்சம், நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று. கோபத்தில் சொன்னதா, மகனுக்கு வீடு தேவைப்படுவதால் ஏற்கெனவே நினைத்திருந்ததா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் மன்னிப்பு மெசேஜால் அது மாறப்போவதில்லை. ஆனால் அட்வான்ஸ் ஒழுங்காகத் திரும்பி வருவதற்கு அது உதவும்.

இனி பில். நான்கைந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. பிளம்பர் பில், சுவரில் ஈரம் ஏறியிருந்தபோது எடுத்த போட்டோ, முன்பு ஓனருக்குச் சொன்ன மெசேஜ் மூன்றையும் போனில் தயாராக வைத்துக்கொள்ளலாம். அவர் கேட்டால் காட்டலாம், நாமாக நீட்ட வேண்டாம். வாடகைச் சட்டம் என்ன சொல்கிறது என்பது பேசப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், எந்த ரிப்பேர் யாருடையது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. வேறு மாதிரி அக்ரிமென்டில் எழுதிக்கொள்ளாத வரை, தேவைப்படும்போது பிளம்பிங் பைப்புகளை மாற்றுவதும் கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர்களும் உரிமையாளருடையவை. குழாயும் அதன் வாஷரும், ஸ்விட்ச், பிளக் பாயிண்ட் போன்றவையும் வாடகைக்கு இருப்பவருடையவை. ஆக, 3,200 ரூபாயையும் பிடித்தது அந்தக் கணக்குப்படியும் சரியில்லை. குழாய்க்கான 800 வாடகைக்காரர் செலவுதான்.

அங்கிருந்தே பேச்சைத் தொடங்கினால் நல்லது. "சார், அந்தக் குழாய் மாத்தின 800 எங்க செலவு, அது போகட்டும். சுவருக்குள்ள இருந்த பைப்புக்கு 2,400 ஆச்சு. அதை அடுத்த மாச வாடகையில கழிச்சுக்கலாமா, இல்ல நீங்க தனியா தர்றீங்களா?" முதலில் தன் பங்கைத் தானே சொல்லிவிடுவதால் எதிராளிக்கு வாதாட ஒன்று குறைகிறது. "பாதி தரேன்" என்றால் 1,200ஐ வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. மீதி 1,200க்காக அடுத்த இரண்டு வருடம் மோட்டார் போடச் சொல்வதற்கும் வண்டி நிறுத்துவதற்கும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். முழுதாக மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு, அடுத்து அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது ரிப்பேர் யாருடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அவருக்கும் அந்த வரி பிற்பாடு உபயோகப்படும் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

பேசி முடித்த அன்றே அதை எழுத்தில் போட்டுவிட வேண்டும்: "சார், இன்னைக்குப் பேசினபடி ஆகஸ்ட் வாடகை 16,000ல 2,400 கழிச்சு 13,600 அனுப்பறேன்." அவர் "ஓகே" என்று போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். முதல் தடவை சண்டை வந்தது இதே தொகை குறைந்ததால்தான். சொல்லிவிட்டுக் குறைப்பதற்கும் குறைத்துவிட்டுச் சொல்வதற்கும் இருக்கிற தூரம் அந்த மெசேஜில் தெரியும்.

அடுத்த மூன்று மாதம் வாடகை, அக்ரிமென்டில் உள்ள தேதிக்கு ஒரு நாள் முன்னால் போகட்டும். ஐந்தாம் தேதி என்றால் நான்காம் தேதி. முதல் தேதியே அனுப்பிக் கணக்குக் காட்ட வேண்டாம். நான்காவது மாதம் அது நின்றுபோனால், நின்றதுதான் கண்ணில் படும். அடுத்த ரிப்பேர் வரும்போது கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் மெசேஜ் இப்படி இருந்தால் போதும்: ஒரு போட்டோ, அதன் கீழே "சார், கிச்சன் சிங்க் கீழ தண்ணி கசியுது. பிளம்பர் பாத்துட்டு 600 ஆகும்னு சொல்றார். சிமென்ட் எதுவும் உடைக்க வேண்டாமாம். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லவா?" உடைப்பார்களா இல்லையா என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது, டைல்ஸ் சண்டை கண்ட வீட்டில் கட்டாயம். பதில் வராவிட்டால் சாயங்காலம் ஒரு போன். கசிவு அடுத்த வீட்டுக் கூரையை நனைக்கிற அளவுக்கு அவசரம் என்றால் முதலில் வால்வை மூடிவிட்டுத்தான் போன்.

ஓனர் பக்கத்திலிருந்து நடந்தது கத்தலோடு நிற்காமல், தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது, சாதி சொல்லித் திட்டுவது, கை ஓங்குவது என்று போயிருந்தால் இந்த மெசேஜுக்கு அங்கே வேலையில்லை. அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று மேலே சொன்ன சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு வாடகை அதிகாரியிடம் மனு, மற்றதற்குப் போலீஸ் புகார். வக்கீல் நோட்டீஸ் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால், மன்னிப்பாக இருந்தாலும் எழுதியதை முதலில் தன் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.